பெட்டிக்கு நாலு ரூபாய் ஐம்பத்தைந்து காசு

"மதிப்பிற்குரிய ஐயா, கடந்த சில மாதங்களாகக் க்ராஃப்ட் பேப்பர் விலை வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்துள்ளது தாங்கள் அறிந்ததே. இதனால் எங்களுக்குக் கடும் நஷ்டம் ஏற்படுகிறது. வேறு வழியின்றி எல்லாப் பெட்டிகளுக்கும் 19 சதவீதம் விலையேற்றம் செய்கிறோம். தங்கள் மேலான ஒத்துழைப்பை வேண்டுகிறோம்."

அட்டைப்பெட்டி செய்யும் சிறு தொழிற்கூடங்களிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கின்றன. மரியாதைக்குக் குறைவில்லை. சொல்லும் சங்கடமும் உண்மை. ஆனால் இதைப் படிக்கும் பர்ச்சேஸ் மேனேஜர் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. விலையை ஏற்றிக்கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அவர் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு தன் முதலாளியிடமோ கணக்குப் பிரிவிடமோ போக வேண்டும். அங்கே முதல் கேள்வி "ஏன் 19?" என்பதாக இருக்கும். அதற்கான பதில் கடிதத்தில் இல்லை. எனவே அவருக்கு எளிதான வழி, "மற்ற இடங்களில் கொட்டேஷன் வாங்கிப் பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிடுவது.

விலை மாற்றக் கடிதத்தை மெருகேற்றுவது என்றால் வார்த்தைகளை இழைப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் இதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். கடிதம் போய்ச் சேரும் மனிதருக்கு அப்பால் இன்னொருவர் இருக்கிறார். அவரை நாம் பார்த்ததுகூட இல்லை. அவர் மேஜையில் நம் கணக்கு நம் உதவி இல்லாமல் தனியாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும் கணக்கை முதலில் போட்டுவிட்டால் வார்த்தைகள் பெரும்பாலும் தாமாக வந்து அமையும்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு மாதம் பத்தாயிரம் பெட்டி போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீளம் 450 மில்லிமீட்டர், அகலம் 300, உயரம் 300. ஐந்து பிளை. இப்போதைய விலை 35 ரூபாய். இந்த விலையைப் பேசியபோது க்ராஃப்ட் பேப்பர் கிலோ 32 ரூபாய், இப்போது 38 ரூபாய். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கூடத்தில் வேறாக இருக்கும், ஆனால் போகும் வழி இதுதான்.

பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தால் ஒரே தகடு. அதன் நீளம், பெட்டியின் நான்கு பக்கங்களும் சேர்ந்தது, கூடவே ஒட்டுவதற்கோ பின் அடிப்பதற்கோ விடும் 40 மில்லிமீட்டர். ஆக 1,540 மில்லிமீட்டர். அகலம் என்பது பெட்டியின் அகலமும் உயரமும் கூட்டியது, மடிப்புக்கு 20 சேர்த்து 620. பரப்பு 0.955 சதுர மீட்டர். இனி எடை. வெளித்தாள் 180 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 180 கிராம். நடுத்தாளும் உள்தாளும் 120. இடையில் வளைந்து வளைந்து போகும் புளூட் இரண்டும் 120தான், ஆனால் அலையாக மடிவதால் ஒரு மீட்டர் அட்டைக்குச் சுமார் 1.4 மீட்டர் தாள் போகிறது. அதனால் ஒவ்வொரு புளூட்டும் 168 கிராம். எல்லாம் கூட்டினால் சதுர மீட்டருக்கு 756 கிராம், ஒரு பெட்டிக்கு 722 கிராம். வெட்டில் போகும் கழிவுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் 758 கிராம்.

ஆக, ஒரு பெட்டிக்குள் முக்கால் கிலோவுக்குச் சற்றே மேல் காகிதம் இருக்கிறது. பழைய விலையில் அந்தக் காகிதம் 24 ரூபாய் 26 காசு. புதிய விலையில் 28 ரூபாய் 80 காசு. வித்தியாசம் 4 ரூபாய் 55 காசு. மீதியுள்ள 10 ரூபாய் 74 காசில் பசை, மின்சாரம், கூலி, அச்சு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 7 ரூபாய் 50 காசு என்று கொள்வோம். எஞ்சிய 3 ரூபாய் 24 காசுதான் லாபம்.

இங்கேதான் அந்த 19 சதவீதக் கடிதம் சறுக்குகிறது. காகிதம் 32லிருந்து 38 ஆனது, அதாவது கிட்டத்தட்ட 19 சதவீத உயர்வு. அதில் பொய் இல்லை. ஆனால் பெட்டியின் விலையில் காகிதம் 69 சதவீதம்தான். கூலியும் பசையும் காகிதத்தோடு சேர்ந்து ஏறிவிடவில்லை. பெட்டிக்கு நியாயமாக ஏற வேண்டியது 4.55, அதாவது 13 சதவீதம். முழு 19 சதவீதத்தையும் பெட்டி விலை மேல் போட்டால் 6 ரூபாய் 65 காசு ஆகிவிடும். பெட்டிக்கு இரண்டு ரூபாய்க்கு மேல், மாதத்துக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கேட்டதாக ஆகும். எழுதியவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. மூலப்பொருளின் சதவீதத்தை அப்படியே விற்பனை விலையின் சதவீதமாக எழுதிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் கணக்கு தெரிந்த ஒருவர் இருந்தால் இதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு நாம் சொல்லும் எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார். அதனால் கடிதத்தில் சதவீதத்தை முன்னால் வைக்காமல், ரூபாயும் காசும் முன்னால் வருவதே நல்லது.

அட்டைப்பெட்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வாடிக்கையாளரிடமே ஒரு தராசும் ஒரு ஸ்கேலும் இருந்தால் போதும், நம் கணக்கை அவரே சரிபார்த்துவிடலாம். பெட்டியை நிறுத்துப் பார்த்தால் 720 கிராம் அளவில் வர வேண்டும். காகிதத்தின் ஈரப்பதத்தைப் பொறுத்துச் சில கிராம் ஏறி இறங்கும். மழைக்காலத்தில் கூடும். கடிதத்திலேயே எடையை எழுதி, "நிறுத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிடுகிறவரின் பேச்சுக்குத் தனிப் பலம் வந்துவிடுகிறது. காகித எடையை ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சம் ஒரே கேள்விதான்: கிலோ 38 என்பது உண்மையா?

அதற்கு ஆதாரம் மில்லிலிருந்து வந்த பில். இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. எந்தத் தேதியின் பில்லை எந்தத் தேதியின் பில்லோடு வைத்துக் காட்டுகிறோம் என்பதில்தான் நேர்மை தெரியும். விலை மிகக் குறைவாக இருந்த ஒரு வாரத்தையும் மிக உச்சத்தில் இருந்த ஒரு வாரத்தையும் எடுத்துக் காட்டினால் உயர்வு பெரிதாகத் தெரியும். ஆனால் நடப்பு விலையைப் பேசி முடித்த தேதி எதுவோ, அதுதான் தொடக்கப் புள்ளி. அந்த மாதத்தில் வாங்கிய சரக்கின் சராசரி விலையையும், கடைசி ஒரு மாதத்தில் வாங்கியதன் சராசரியையும் வைக்க வேண்டும். பில் நகலில் மில்லின் பெயரை மறைத்துக்கொள்ளலாம், அது வியாபார ரகசியம். தேதி, ஜி.எஸ்.எம்., பி.எஃப். எனப்படும் வெடிப்பு வலிமை, கிலோ விலை இவை தெரிந்தால் போதும். முக்கியமாக, இரண்டு பில்லிலும் அதே தரத் தாள் இருக்க வேண்டும். பழைய பில்லில் 16 பி.எஃப். தாளும் புதிய பில்லில் 20 பி.எஃப். தாளும் இருந்தால் அது விலையேற்றத்துக்குச் சான்றாகாது. ஜி.எஸ்.டி.யை இரண்டு பக்கத்திலும் விலக்கிவிட்டே பேச வேண்டும். வாடிக்கையாளர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார் என்பதால் அது அவருக்குச் செலவே இல்லை.

ஏன் ஏறியது என்பதற்கு ஒரு வரி போதும். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து சீனா எல்லா வகைக் கழிவுப் பொருள்களின் இறக்குமதியையும் நிறுத்தியது, பழைய காகிதமும் அதில் அடக்கம். அங்கிருந்த பெட்டித் தொழிற்சாலைகளுக்குக் காகிதம் பற்றாக்குறையானது. இந்திய மில்கள் பழைய காகிதத்தைக் கூழாக்கி உருட்டிச் செய்த க்ராஃப்ட்டுக்கு அங்கே தேவை பிறந்தது. அதே நேரத்தில் கன்டெய்னர் தட்டுப்பாடும் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் பழைய பெட்டிக் காகிதத்தின் விலையும் ஏறியது. எங்கோ எடுத்த ஒரு முடிவு கோயம்புத்தூரிலும் சிவகாசியிலும் ஒரு பெட்டியின் விலையில் வந்து உட்கார்ந்த விதம் அது. இப்படிக் காரணம் தெளிவாகத் தெரியும்போது எழுதலாம். தெரியாதபோது "சர்வதேசச் சூழல்" என்று எழுதுவதைவிட எழுதாமல் விடுவதே மேல்.

இன்னொன்றை எழுதவே கூடாது: "சங்கத் தீர்மானப்படி இவ்வளவு ஏற்றியிருக்கிறோம்" என்பது. எல்லோரும்தான் ஏற்றுகிறார்கள், நான் மட்டும் அல்ல என்ற அர்த்தத்தில் பலர் சங்கச் சுற்றறிக்கையை இணைத்து அனுப்புகிறார்கள். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3, போட்டியாளர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பதைத் தடை செய்கிறது. மூலப்பொருள் ஏறியிருக்கிறது என்று சங்கம் அரசிடம் முறையிடுவது வேறு, உறுப்பினர் எல்லோரும் இத்தனை சதவீதம் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு. பின்னதை நம் கையாலேயே எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்புவது, நமக்கு எதிரான ஆவணத்தை நாமே தயாரித்துக் கொடுப்பதாகும். நம் கூடத்தின் கணக்கு மட்டுமே நம் கடிதத்தில் இருக்க வேண்டும்.

லாபத்தை என்ன செய்வது என்பதில் தொழில் செய்கிறவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பழைய விலையில் 3.24 லாபம் என்பது 9.3 சதவீதம். புதிய விலையான 39.55இல் அதே 3.24 என்பது 8.2 சதவீதம்தான். சதவீதம் குறையக் கூடாது என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. காகிதம் ஏறும்போது அதே அளவு சரக்கை வாங்க அதிகப் பணம் முடங்குகிறது, வட்டி ஏறுகிறது. ஆனால் "எங்கள் லாபத்தைப் பைசாகூட ஏற்றவில்லை, காகிதத்தில் ஏறியதை மட்டும் கேட்கிறோம்" என்ற வரியை எழுத முடிவது எனக்கு அந்த ஒரு சதவீதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. கூலியோ மின்கட்டணமோ நிஜமாகவே ஏறியிருந்தால் அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். காகிதத்தின் தோளில் ஏற்றி அனுப்பக் கூடாது.

இனி கடிதம். முதலில் போன் செய்து பேசிவிட வேண்டும். "சார், காகித விலை விஷயமாக ஒரு கடிதம் அனுப்புகிறேன், கணக்கோடு இருக்கும், பாருங்கள்" என்று இரண்டு வாக்கியம் போதும். விலையேற்றத்தை முதன்முதலாக வாட்ஸ்அப்பில் பார்க்கும் மனிதருக்கு அது உத்தரவு மாதிரித்தான் தெரியும். அதன் பிறகு மின்னஞ்சலில் இப்படி அனுப்பலாம்.

"பொருள்: 5 பிளை பெட்டி (450 × 300 × 300) – ஜூலை 1 முதல் விலை மாற்றம்

வணக்கம் சார்.

நேற்றுப் போனில் பேசியபடி, இந்தப் பெட்டியின் விலையை ஜூலை 1 முதல் 35.00 ரூபாயிலிருந்து 39.55 ரூபாயாக மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். ஜூன் 30 வரை நீங்கள் கொடுத்திருக்கும் ஆர்டர்கள் அனைத்தையும் பழைய விலையிலேயே அனுப்பிவிடுகிறோம்.

விலை பேசிய ஜனவரியில் க்ராஃப்ட் பேப்பர் சராசரியாகக் கிலோ 32 ரூபாய்க்கு வாங்கினோம். மே மாதச் சராசரி 38 ரூபாய். இரண்டு மாத பில் நகல்களும் இணைப்பில் உள்ளன. ஒரு பெட்டியின் எடை 722 கிராம், வெட்டுக் கழிவு 5 சதவீதம் சேர்த்து 758 கிராம் காகிதம் செலவாகிறது. 0.758 கிலோவுக்கு 6 ரூபாய் வீதம் 4.55 ரூபாய். கழிவை விற்று வரும் தொகையை எங்கள் மற்றச் செலவில் ஏற்கெனவே கழித்திருக்கிறோம். கூலி, பசை, அச்சு, லாபம் எதிலும் மாற்றம் இல்லை.

காகித விலை இறங்கினால் இதே கணக்கில் குறைத்துத் தருகிறோம். கிலோவுக்கு ஒரு ரூபாய் மாறினால் பெட்டிக்கு 76 காசு. இரண்டு ரூபாய்க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம்.

ஜூன் 15க்குள் உங்கள் பதில் கிடைத்தால் ஜூலைக்கான ரீலை வாங்க வசதியாக இருக்கும்."

"வரலாறு காணாத" போய்விட்டது, "கடும் நஷ்டம்" போய்விட்டது, "வேறு வழியின்றி"யும் போய்விட்டது. எண் வந்த இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. "தங்கள் மேலான ஒத்துழைப்பை" என்பதற்குப் பதிலாக என்ன பதில், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது வந்திருக்கிறது. பழைய விலை, புதிய விலை, தேதி மூன்றும் முதல் வாக்கியத்திலேயே இருக்கின்றன. பர்ச்சேஸ் மேனேஜர் இதை அப்படியே முதலாளிக்கு அனுப்பிவிடலாம், தன் சொந்த விளக்கம் எதையும் சேர்க்கத் தேவையில்லை.

ஜூலை 1 என்ற தேதியும் சும்மா வைத்ததல்ல. குடோனில் 32 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் வாங்கிய ரீல் இன்னும் ஒரு மாதத்துக்கு இருந்தால், அது தீரும் முன்பே புதிய விலை கேட்பது நியாயமில்லை. ஸ்டாக் புத்தகத்தைப் பார்த்து அது தீரும் நாளைத்தான் தேதியாக வைக்க வேண்டும்.

இறங்கினால் குறைப்போம் என்ற வரியை எழுதத்தான் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் பெரிய தொழில்களில் இது புதிதல்ல. மின்மாற்றி வாங்கும் மின்வாரிய ஒப்பந்தங்களில் விலை மாறுதல் விதி என்றே தனிப் பகுதி இருக்கும். ஐ.இ.இ.எம்.ஏ. என்ற மின் சாதன உற்பத்தியாளர் சங்கம் செம்பு, எஃகு போன்றவற்றின் விலைகளை மாதாமாதம் வெளியிடுகிறது. சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டால் விலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். இரண்டு பக்கத்துக்கும் வெளியே ஒருவர் வெளியிடும் எண் என்பதால் சண்டை இல்லை. க்ராஃப்ட் பேப்பரில் சிறு கூடத்துக்கு அப்படி ஒரு பொது எண் எளிதில் அமையாது, அதனால்தான் பில் நகலை நம்பி ஓட்ட வேண்டியிருக்கிறது. இறக்கத்தையும் ஒப்புக்கொண்டவருக்கு அடுத்த முறை ஏற்றம் கேட்கும்போது புதிதாக வாதாட வேண்டியதில்லை, 76 காசுக் கணக்கைப் போட்டு அனுப்பினால் போதும்.

கணக்கு சரியாக இருந்தாலும் "எங்களால் முடியாது" என்ற பதில் வரலாம். மசாலா பாக்கெட்டின் விலையை அவர்களால் ஏற்ற முடியாமல் இருக்கலாம். அப்போது கொடுக்க இரண்டு மாற்று வழிகள் கைவசம் இருப்பது நல்லது. ஒன்று, நடுத்தாளையும் உள்தாளையும் 120லிருந்து 100 ஜி.எஸ்.எம்.க்குக் குறைப்பது. பெட்டிக்கு 40 கிராம் காகிதம் மிச்சம், ஒன்றரை ரூபாய் குறைந்து 38 ரூபாய்க்கு வரும். பெட்டியின் தாங்கும் வலிமையும் கொஞ்சம் குறையும். அதனால் முதலில் இருபது பெட்டி செய்து கொடுத்து, அவர்கள் குடோனில் வழக்கமான உயரத்துக்குச் சரக்கோடு அடுக்கி, சில நாள் வைத்து அடிப்பெட்டி புடைக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது வழி பணம் வரும் நாள். 45 நாளில் வரும் பணம் 15 நாளில் வந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 40 காசு மிச்சம். அதை விலையில் குறைத்துத் தரலாம்.

சொல்லாமல் தாளை மெல்லியதாக்கிப் பழைய விலையிலேயே அனுப்புவதும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 720 கிராம் பெட்டி 640 கிராம் ஆனதைத் தராசு சொல்லிவிடும். அதற்கு முன்பே லாரியில் அடிவரிசை நசுங்கி, பொடி பாக்கெட் உடைந்து வந்துவிடும். 4.55 ரூபாயைக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படிச் செய்கிறவர்கள் கடைசியில் மொத்த லோடுக்கும் டெபிட் நோட் வாங்குகிறார்கள்.

"வேறொருவர் 37 ரூபாய்க்குத் தருகிறாரே" என்பது வழக்கமாக வரும் பதில். கோபப்படத் தேவையில்லை. அவருடைய சாம்பிள் பெட்டியின் எடையைக் கேட்டால் போதும். குறைவாக இருந்தால் பேச்சு எளிது, அதே எடையில் நாமும் எவ்வளவுக்குத் தர முடியும் என்று சொல்லிவிடலாம். அதே 722 கிராம், அதே பி.எஃப். என்றால் அவர் பழைய ஸ்டாக்கை வைத்து விற்கிறார், அல்லது லாபத்தை விட்டுக்கொடுத்து உள்ளே நுழையப் பார்க்கிறார். நம் பக்கத்தில் காகிதம் 28.80, மற்றச் செலவு 7.50, மொத்தம் 36.30. 37 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் பெட்டிக்கு 70 காசு நிற்கும், மாதத்துக்கு ஏழாயிரம் ரூபாய். மெல்லிய தாளில் அதே 37 என்றால் 2 ரூபாய் 20 காசு நிற்கும். 36.30க்குக் கீழே போனால் ஒவ்வொரு பெட்டியோடும் கைக்காசைச் சேர்த்துக் கட்டி அனுப்புகிறோம். இந்த எண்ணைக் கடிதத்தில் எழுதக் கூடாது, ஆனால் போனை எடுக்கும்போது மேஜை மேல் எழுதி வைத்திருக்க வேண்டும்.